போன் லென்ஸ், ட்ரைபாட் கிளாம்ப், சின்ன கிம்பல்: கேமரா மேடும் எடையும் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணம், கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாத்துக்கும் இப்ப போன்லயே வீடியோ எடுக்கறாங்க. கூடவே ஒரு கிளிப் லென்ஸ், ஒரு ட்ரைபாட், முடிஞ்சா கை ஆட்டத்த மோட்டார் வச்சு சமாளிக்கற கிம்பல் ஒண்ணுன்னு வாங்கிடறாங்க, வாங்கின பிறகுதான் நம்மகிட்ட கேள்வி வருது. கேள்வி எப்படி வந்தாலும் கடைசியில ரெண்டு விஷயத்துலதான் வந்து முட்டுது. போன் பின்னால கேமரா எவ்வளவு மேடா தூக்கிக்கிட்டு நிக்குது, எல்லாம் மாட்டின பிறகு மொத்தம் எத்தனை கிராம். கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அண்ணே, பாசார் மாலாம்ல ஒரு கிளிப் லென்ஸ் வாங்குனேன், படம் எடுத்தா எடது பக்கம் மட்டும் கலங்கலா வருது. லென்ஸ் கெட்டுப் போச்சா?

கெட்டிருக்கலாம் தம்பி, ஆனா முதல்ல அது எப்படி உக்காந்திருக்குன்னு பாருங்க. கிளிப்புக்கு ரெண்டு தாடை இருக்கும், ஒண்ணு திரை பக்கம், இன்னொண்ணு பின் பக்கம் லென்ஸோட. பின் தாடைல ஒரு ரப்பர் பட்டை இருக்குல்ல, பழைய போன்ல பின்பக்கம் தட்டையா இருந்ததால அது முழுசா படிஞ்சு உக்காரும். இப்ப வர்ற போன்ல கேமரா மேடு ரெண்டு மூணு மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டு இருக்கு, அதனால ரப்பர்ல பாதி மேட்டு மேல, பாதி அந்தரத்துல. ஸ்பிரிங் அழுத்தறப்ப அந்தரத்துல இருக்கற பாதி கீழ எறங்கி லென்ஸ் சாஞ்சிடும். சாஞ்ச லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் சென்சார் மேல ஒரே மாதிரி விழாது, ஒரு பக்கம் ஃபோகஸ் இருக்கும், மறு பக்கம் இருக்காது.

இதக் கண்டுபிடிக்க முதல்ல போன ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிர பக்கவாட்டுல புடிச்சுப் பாருங்க, ரப்பருக்கும் போனுக்கும் நடுவுல ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் கசிஞ்சா சாஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஒரு தமிழ் பேப்பர் முழுப் பக்கத்த செவுத்துல ஒட்டி, லென்ஸ் போட்டு நேரா நின்னு எடுங்க, நாலு மூலையிலயும் எழுத்து தெரியுதான்னு பெரிசு பண்ணிப் பாருங்க. எடது மூலை கலங்கலா இருந்தா, கிளிப்ப அசைக்காம லென்ஸ மட்டும் அதோட மரையில அரை சுத்து திருப்பி மறுபடி ஒண்ணு எடுங்க. கலங்கல் லென்ஸோட சேந்து வலது பக்கம் போயிட்டா லென்ஸுக்குள்ள கண்ணாடியே கோணலா இருக்கு, அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது, கடைக்காரன்கிட்ட மாத்துங்க. கலங்கல் அதே எடது பக்கத்துலயே நின்னா லென்ஸ் நல்லாதான் இருக்கு, உக்காரற எடம்தான் பிரச்சனை.

உக்காரற எடத்த சரி பண்றதுக்கு காசு செலவு இல்ல. மோட்டர் கடையில பஞ்சர் ஆன பழைய டியூப் ஒரு துண்டு கேட்டா குடுத்துடுவாங்க. அத ரப்பர் பட்டையோட அந்தரத்துல நிக்கற பாதிக்கு மட்டும் வெட்டி, ரெண்டு பக்கமும் ஒட்டற டேப்ல ஒட்டி, மேட்டு உயரம் வர்ற வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணா வைங்க. வச்ச பிறகு மறுபடியும் ஜன்னல் வெளிச்சம், மறுபடியும் பேப்பர். வெளிச்சம் கசியலன்னா போதும்லா, அதுக்கு மேல தடிப்பா வைக்காதீங்க, வச்சா மறு பக்கம் சாயும்.

மேட்டு உயரத்த எப்படி அளக்கறது? போன் டப்பால எழுதியிருக்கற தடிப்பு 8 மில்லிமீட்டர்னு போட்டிருக்கே?

டப்பால போட்டிருக்கற தடிப்பு மேட்ட சேக்காம அளந்தது. ஐபோன் 16 ப்ரோ மேக்ஸுக்கு 8.25 மில்லிமீட்டர்னு போட்டிருப்பாங்க, கேமரா அதுக்கு மேல தனியா தூக்கிக்கிட்டு நிக்கும். அதனால நீங்களே அளந்துக்கறதுதான் நல்லது.

வீட்டுல இருக்கற பேங்க் கார்டு போதும். ஏடிஎம் கார்டு, மைகார்டு எல்லாம் ஒரே அளவு, ஒரு கார்டு தடிப்பு 0.76 மில்லிமீட்டர். போன திரை கீழ இருக்கற மாதிரி மேசைல துணி விரிச்சு வைங்க, கேமரா மேட்டுப் பக்கத்துல கார்டுகள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க, மேட்டுக்கும் கார்டுக்கும் குறுக்கால ஒரு ஸ்கேல் வைங்க. ஸ்கேல் ஆடாம ரெண்டு மேலயும் படுத்தா அதுதான் உயரம். மூணு கார்டுன்னா சுமாரா 2.3 மில்லிமீட்டர். எழுத்து புடைச்சிருக்கற பழைய கார்டு வேணாம், கணக்கு தப்பும்.

ஒண்ணு கவனிங்க, மேடு ஒரே படியா இருக்காது. சில போன்ல முதல்ல ஒரு பெரிய மேடு, அது மேல ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு வளையம். கார்ட மேட்டோட தளத்துக்கும் தனியா, வளையத்தோட உச்சிக்கும் தனியா அடுக்கிப் பாருங்க, கிளிப்போட ரப்பர் எங்க போய் உக்காரும்னு அப்பதான் புரியும்.

எனக்கு சாம்சங் எஸ்24 அல்ட்ரா. அதுல மேடே இல்ல, தனித்தனி வளையம்தான். எனக்கு இந்தத் தொல்லை இல்லதானே?

உங்களுக்குத்தான் கூட தொல்லை. ஒரே மேடா இருந்தா கிளிப் ரப்பர் படிய கொஞ்சமாச்சும் தட்டையான எடம் கிடைக்கும். தனித்தனி வளையம்னா ரப்பர் பக்கத்து வளையத்து மேல ஏறி உக்காந்துக்கும், நடு கேமராவுல மாட்டறப்ப மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, எது மேல ஏறுதுன்னு ஒவ்வொரு தடவையும் மாறும். நேத்து நல்லா வந்துச்சு இன்னிக்கு வரலன்னு சொல்றவங்க பாதி பேர் இந்த மாதிரி போன் வச்சிருக்கறவங்கதான்.

இதுக்கு நல்ல வழி உங்க போன் கேஸ்தான். கேமராவ சுத்தி ஒரு கரை தூக்கி நிக்கற கேஸ் இருக்குல்ல, அந்தக் கரை வளையத்தோட உச்சிக்கு சமமாவோ துளி மேலயோ இருந்தா கிளிப் ரப்பர் அந்தக் கரை மேல சுத்தியும் படிஞ்சு உக்காந்துக்கும், டியூப் வெட்டற வேலையே இல்ல. வாங்கறப்ப கேஸ போன்ல மாட்டி அந்த ஸ்கேல கேமரா மேல குறுக்கால வச்சுப் பாருங்க. ஸ்கேல் கரை மேல தட்டையா படுத்தா லென்ஸுக்கு ஏத்த கேஸ். கண்ணாடில இடிச்சு ஆடுச்சுன்னா லென்ஸுக்கு உதவாது.

லென்ஸ் போட்டா நாலு மூலையும் கருப்பா வட்டம் மாதிரி வருது. பெரிய லென்ஸ் வாங்கினா போயிடுமா?

எங்க கருப்புன்னு முதல்ல பாக்கணும். ஒரு மூலை மட்டும் அதிக கருப்புன்னா லென்ஸ் கேமரா நடுவுல நிக்கல, வெள்ளச் செவுத்தப் பாத்துக்கிட்டே திரையில அந்தக் கருப்பு நாலு பக்கமும் சமமாகற வரைக்கும் கிளிப்ப மெதுவா நகத்துங்க. நாலும் சமமா கருப்புன்னா லென்ஸ் போனோட கேமராவ விட்டு தூரமா நிக்குது, இல்ல லென்ஸோட பின் கண்ணாடி உங்க கேமராவுக்குப் பத்தல.

தூரம்தான் பெரும்பாலும் காரணம். கேமரா மேல ஒட்டற கண்ணாடி ப்ரொடெக்டர், அதுக்கு மேல கலர் வளையம், அதுக்கு மேல கேஸ் கரை, அதுக்கு மேல நாம வச்ச டியூப், எல்லாம் சேந்து மூணு நாலு மில்லிமீட்டர் ஆயிடும். சாவி துவாரத்துல கண்ண ஒட்டி வச்சுப் பாத்தா ரூம் தெரியும், ஒரு சாண் தள்ளி நின்னு பாத்தா துவாரம் மட்டும்தான் தெரியும், அதே கதை. ப்ரொடெக்டர எடுத்துட்டு ஒரு தடவை பாருங்க, பல பேருக்கு அதுலயே பாதி கருப்பு போயிடுது. மிச்சத்துக்கு 1.2 இல்ல 1.3 மடங்கு ஸூம் பண்ணிக்கலாம், குத்தமில்ல. பழைய கிளிப் லென்ஸ் எல்லாம் இவ்வளவு அகலமாப் பாக்காத போனுக்கு செஞ்சது, இப்ப ஐபோன் ப்ரோவோட மெயின் கேமராவே 24 மில்லிமீட்டர் லென்ஸ் மாதிரி அகலமாப் பாக்குது, அதனால பழச வச்சுக்கிட்டு புது போன்ல மாட்டறவங்களுக்கு கருப்பு கொஞ்சம் வரத்தான் செய்யும்.

மூணு கேமரா இருக்கே, எதுல மாட்டணும்?

மெயின் கேமராவுல, அதாவது திரையில 1x-னு காட்டறதுல. எதுன்னு தெரியலன்னா 1x-ல வச்சுக்கிட்டு ஒவ்வொரு கேமராவையும் விரலால மூடுங்க, எத மூடுனா திரை இருட்டாகுதோ அதுதான்.

ஆனா போன் தன்னால கேமரா மாத்திக்கும், அங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஐபோன் 13 ப்ரோவுல இருந்து கிட்ட போனா அகலக் கேமராவுக்குத் தாவிடும், நீங்க மாட்டுன லென்ஸ் மெயின்ல சும்மா உக்காந்திருக்கும், படத்துல லென்ஸோட விளிம்புதான் தெரியும். Settings-ல Camera போயி `Macro Control` திறந்து வச்சுட்டா கேமராவுல ஒரு பூ ஐகான் வரும், அத தட்டி அணைச்சுடுங்க. தூரத்துல இருக்கறத கிட்ட காட்டற டெலி கேமராவுல லென்ஸ் மாட்டறது வேணாம்னு சொல்றதும் இதனாலதான், வெளிச்சம் கம்மியானாலோ பொருள் கிட்ட இருந்தாலோ போன் டெலிய விட்டுட்டு மெயின்ல எடுத்து வெட்டிக் குடுத்துடும், திரையில 5x-னு காட்டிக்கிட்டே இருக்கும்.

நான் ஆசிரியை. செம்பனை பூவுல வர்ற வண்டு படம் பிள்ளைங்களுக்குக் காட்டணும். சின்னத பெரிசாக் காட்டற 15 மடங்கு மேக்ரோ லென்ஸ் வாங்கினேன், கிட்ட போறதுக்குள்ள வண்டு பறந்துடுது.

டீச்சர், 15 மடங்குன்னு போட்டிருக்கறதுலயே பதில் இருக்கு. பூதக்கண்ணாடி கணக்குல 250 மில்லிமீட்டர மடங்கால வகுத்தா லென்ஸோட குவிய தூரம் வரும். 250-ஐ 15-ஆல வகுத்தா 17 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதாவது வண்டுக்கும் லென்ஸுக்கும் நடுவுல உங்க கட்டை விரல் அகலம்கூட இல்ல. போன் நிழலே வண்டு மேல விழும், அது பறக்காம என்ன பண்ணும்.

அந்த வண்டு சின்னது, மூணு மில்லிமீட்டர் சுமார்தான் இருக்கும். எலைடோபியஸ்னு பேரு, 1981-ல கேமரூன்ல இருந்து நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்து விட்டது, அதுக்கு முன்னாடி தோட்டத்துல ஆளுங்கள வச்சு கையாலதான் மகரந்தம் தூவினாங்க, எங்க வீட்டுப் பெரியவங்க அந்த வேலைய செஞ்சவங்கதான். வண்டு ஆண் பூ மேல கூட்டமா மேயும், பூவே கை எட்டற உயரத்துல இருக்கற இள மரமாப் பாத்துக்குங்க.

உங்களுக்கு வேண்டியது 100 மில்லிமீட்டர் குவிய தூரம் உள்ள மேக்ரோ. போன் தூரத்துக்கு ஃபோகஸ் பண்ணியிருந்தா வண்டு 10 சென்டிமீட்டர்ல தெளிவா இருக்கும், போனும் தன் பங்குக்கு கிட்டத்துல ஃபோகஸ் பண்ணினா இன்னும் கிட்ட போகலாம். உருவம் 15 மடங்கு லென்ஸ்ல வர்ற அளவு பெரிசா வராது, ஆனா இப்ப போன்ல சென்சார் தாராளமா இருக்கு, வெட்டிப் பெரிசாக்கிக்கலாம். வெளிச்சம் உள்ள வர எடம் இருக்கறதுதான் பெரிய லாபம்.

இதுல மேடு எப்படி வருதுன்னா, 100 மில்லிமீட்டர் லென்ஸ் நீளமாவும் கனமாவும் இருக்கும், கிளிப்போட சேந்து 60 கிராம் தாண்டறதும் உண்டு. நுனி கனத்தால கிளிப் கீழ தொங்கும், காலையில நேரா மாட்டுனது மத்தியானத்துக்குள்ள சாஞ்சிருக்கும். போன படுக்க வச்சு எடுக்கறப்ப லென்ஸ் மேல் பக்கம் இருக்கற மாதிரி புடிங்க, ஒரு விரல் லென்ஸுக்கு அடியில குடுத்துக்குங்க.

கிளிப் வேணாம், கேஸ்ல திருகற லென்ஸ் வாங்கலாமா?

அடிக்கடி எடுக்கறவங்கன்னா வாங்கலாம். லென்ஸ் நிக்கற எடத்த கேஸே முடிவு பண்ணிடுது, மேட்டோட உயரத்துக்கு ஏத்த மாதிரி கேஸ் செஞ்சிருப்பாங்க, சாயற கதையே இல்ல. 17 மில்லிமீட்டர் மரை உள்ள லென்ஸ் நிறைய கம்பெனில கிடைக்குது. ஆனா போன் மாத்துனா கேஸும் மாத்தணும், நம்ம ஊருல ஓடற எல்லா மாடலுக்கும் அந்தக் கேஸ் கிடைக்காது. லென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி கேஸ் இருக்கான்னு தேடுங்க.

ட்ரைபாட்ல வச்சா போன் மெதுவா தலை குனியுது. தீமிதி முழுசா எடுத்துட்டுப் பாத்தா பாதி வீடியோ தரைதான்.

கிளாம்ப் போன நடுவுல புடிச்சிருக்கு, கனம் மேல் பாதில இருக்கு, அதான். கேமரா மேடு சும்மா கண்ணாடி மூடி இல்ல, உள்ள பெரிய சென்சார், லென்ஸ் கூடு எல்லாம் அங்கதான். அதுல ஒரு கிளிப் லென்ஸும் மாட்டுனா இன்னும் மோசம். போன ஒரு விரல் மேல குறுக்கால வச்சு ஆடாம நிக்கற எடத்தப் பாருங்க, லென்ஸ் மாட்டித்தான் பாக்கணும், அந்த எடத்துல கிளாம்ப் புடிக்கட்டும். மேடு கிளாம்ப் முதுகுல இடிக்காத வரைக்கும் கேமரா பக்கமா நகத்துனா நல்லது. இடிச்சா போன் முன்னால சாஞ்சு நிக்கும், தாடை ரெண்டும் விளிம்புலதான் புடிக்கும், நழுவ ஆரம்பிக்கும். அகலத்துக்கு முழுசும் மேடு ஓடற பிக்சல் மாதிரி போன், ஐபோன் 17 ப்ரோ, இதுக்கெல்லாம் கிளாம்ப மேட்டுக்கு கீழதான் வைக்கணும், வேற வழியில்ல.

ஸ்பிரிங் கிளாம்ப விட திருகி இறுக்கற கிளாம்ப் வாங்குங்க. ஸ்பிரிங் நாளாக ஆக தளரும், திருகு தளராது. அடியில இருக்கற திருகு கால் இஞ்ச் அளவுதான், பெரும்பாலான ட்ரைபாட்டும் அதுதான், அதனால கிளாம்ப தனியா மாத்திக்கலாம், ட்ரைபாட்ட தூக்கிப் போட வேணாம். இறுக்கறப்ப பக்கத்து பட்டன் மேல தாடை வராம பாருங்க, வீடியோ நடுவுல போன் தன்னால லாக் ஆச்சுன்னு வர்ற புகார் அநேகமா அதுதான். மூணு கால்ல ஒண்ணு லென்ஸ் பாக்கற பக்கம் நீட்டி இருக்கட்டும், கூட்டம் இடிச்சா முன்னால விழாது.

காந்தத்துல ஒட்டற மௌன்ட் வச்சிருக்கறவங்க, காந்தம் இல்லாத கேஸ் போட்டு ஒட்டுனா புடிமானம் பாதியாகும், மேட்டு ஓரம் மௌன்ட் மேல ஏறி நின்னா இன்னும் போகும். போன ஒட்டிட்டு பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க. வழுக்குனா அத திருவிழாவுக்குக் கொண்டு போகாதீங்க.

எஸ்24 அல்ட்ராவ ஓஸ்மோ மொபைல் 6 கிம்பல்ல மாட்டுனா நடுங்குது, கொஞ்ச நேரத்துல தொங்கிடுது. கேஸும் வைட் லென்ஸும் போட்டிருக்கேன். கிம்பல் டூப்பா?

டூப்பு இல்லண்ணே, கணக்கு போட்டுப் பாப்போம். அந்த கிம்பலுக்கு கம்பெனி குடுத்திருக்கற அளவு: போன் எடை 170-ல இருந்து 290 கிராம், தடிப்பு 6.9-ல இருந்து 10 மில்லிமீட்டர், அகலம் 67-ல இருந்து 84 மில்லிமீட்டர். உங்க போன் 232 கிராம், 8.6 தடிப்பு, 79 அகலம். வெறும் போன்னா மூணுலயும் நல்லா உள்ளதான் இருக்கு.

இப்ப கேஸ். கேக் செய்யற தராசு வீட்டுல இருந்தா வச்சுப் பாருங்க, தடி கேஸ் 40 கிராம்னு வச்சுக்குவோம். 272. கிளிப்போட லென்ஸ் 45 கிராம்னா 317. 290-ஐ தாண்டியாச்சு. தடிப்புலயும் கேஸ் மூணு மில்லிமீட்டர் சேத்தா 11.6, அதுவும் 10-ஐ தாண்டிடுச்சு, கிளாம்ப் தாடை போன முழுசா கவ்வாம நுனிலதான் புடிச்சிருக்கும். லென்ஸ் நேரா உக்கார உதவுன அதே கேஸ் இங்க தொல்லை, கிம்பல்னா அதக் கழட்டித்தான் ஆகணும்.

கேஸ் இல்லாம 277 கிராம். உள்ள வந்தாச்சு, ஆனா இன்னும் நடுங்கலாம், ஏன்னா எடை சரியா இருந்தா போதாது, நடுவுலயும் இருக்கணும். லென்ஸ் போன் நடுவுல இருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி உக்காந்திருக்குன்னு வச்சுக்குங்க. 45-ஐ 5-ஆல பெருக்கி 277-ஆல வகுத்தா 0.8 சென்டிமீட்டர், அதாவது கனத்தோட நடு 8 மில்லிமீட்டர் கேமரா பக்கம் நகந்துடுச்சு. அதனால கிளாம்பையும் போன் நடுவுல வைக்காம 8 மில்லிமீட்டர் கேமரா பக்கம் தள்ளி மாட்டணும். கிளாம்ப்ல கேமரா படம் போட்ட பக்கம் போன் கேமரா இருக்கற பக்கமாத்தான் இருக்கணும், திருப்பி மாட்டுனா எவ்வளவு நகத்துனாலும் சரி வராது.

சரியா இருக்கான்னு கிம்பல ஆன் பண்றதுக்கு முன்னாடியே தெரியும். ஆஃப்ல இருக்கறப்ப கைப்பிடிய நேரா புடிங்க, போன் படுத்த வாக்குல கிட்டத்தட்ட மட்டமா நிக்கணும். கேமரா பக்கம் டக்னு கீழ விழுந்தா கிளாம்ப இன்னும் அந்தப் பக்கம் தள்ளுங்க, எதிர்ப்பக்கம் விழுந்தா தள்ளுனது அதிகம். ஆன் பண்ண பிறகு கையில ம்ம்ம்னு ஒரு அதிர்வு வந்தா, மோட்டார் சுட்டா, அடிவானம் சாஞ்சே நின்னா, மோட்டார் சமநிலை இல்லாத கனத்த இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருக்கு. கடைசியில தன்ன காப்பாத்திக்க அணைஞ்சிடும், நீங்க சொல்ற தொங்கறது அதுதான். பேட்டரியும் சீக்கிரம் எறங்கும், ஆறு மணி நேரத்துக்கு மேலன்னு கம்பெனி சொல்றதெல்லாம் சமநிலையா இருந்தா மட்டும்தான்.

லென்ஸ் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கற கனத்த நகத்தி சரி பண்ண வழியில்ல, அத மோட்டார்தான் தாங்கணும். அதனால நான் சொல்றது, கிம்பல்ல வைட் லென்ஸ் மாட்டாதீங்க. உங்க போன்லயே அகலக் கேமரா சும்மா இருக்கு, 0.6-க்கு போங்க. கிம்பலோட கை ஓரத்துல தெரிஞ்சா துளி ஸூம் பண்ணிக்குங்க.

என் போன் சின்னது, 140 கிராம்தான். லேசா இருந்தா கிம்பலுக்கு நல்லதுதானே?

இல்லக்கா. ஓஸ்மோ மொபைல் 6-க்கு 170 கிராம்னு கீழ் எல்லை வச்சிருக்கறதுக்கும் காரணம் இருக்கு, மோட்டார் ஒரு குறிப்பிட்ட கனத்துக்கு ஏத்த மாதிரி இழுக்கும், அதவிட லேசான போன்ல அளவுக்கு மீறி இழுத்து படபடன்னு துடிக்கும். உங்களுக்கு ஒரு தடி கேஸ் போட்டுக்கறது உதவும், மத்தவங்களுக்கு வேணாம்னு சொன்னத உங்களுக்கு வேணும்னு சொல்றேன். தடிப்பு 10 மில்லிமீட்டர தாண்டாம பாத்துக்குங்க. இல்லன்னா 130 கிராம்ல இருந்தே எடுத்துக்கற கிம்பல் இருக்கு, இன்ஸ்டா360 ஃப்ளோ அந்த மாதிரி, அதப் பாருங்க.

மோட்டர் ஹேண்டில்ல போன மாட்டி தோட்டத்து ரோட்ல ஓட்டிக்கிட்டே வீடியோ எடுக்கலாமா?

நல்ல போன வச்சு வேணாம். மோட்டர் இன்ஜின் அதிர்வு ஹேண்டில் வழியா நேரா போனுக்கு வந்தா கேமராவோட ஆட்டம் தடுக்கற பாகம் கெட்டுப் போகலாம்னு ஆப்பிளே 2021-ல எச்சரிக்கை போட்டாங்க. அந்தப் பாகம் உள்ள லென்ஸ தாங்கிக்கிட்டு மிதக்கற மாதிரி இருக்கும், காந்தமும் சென்சாரும்தான் அத நடுவுல நிறுத்துது. நம்ம செம்மண் ரோட்டுல அதிர்வுக்குக் கேக்கணுமா. கெட்டுப் போச்சான்னு தெரிய, போன மேசைல ஆடாம வச்சு வீடியோ ஆன் பண்ணுங்க, படம் தன்னால துடிச்சா, இல்ல ஃபோகஸ் வந்து வந்து போனா சந்தேகம்தான். எடுத்தே ஆகணும்னா பழைய போன மாட்டுங்க, இல்ல பின்னால உக்காந்திருக்கறவர் கையில குடுங்க, கை அதிர்வ உறிஞ்சிக்கும்.

மடிக்கற போன், இஸட் ஃபோல்ட்6. அதுக்கு கிம்பல்?

மேல சொன்ன ஓஸ்மோ மொபைல் 6 கிம்பல்ல போகாதுங்க. எடை 239 கிராம், எடைல பிரச்சனையே இல்ல. மடிச்சா தடிப்பு 12.1 மில்லிமீட்டர், தாடைக்கு அதிகம். விரிச்சா தடிப்பு 5.6, குறைச்சல், அகலம் 132 மில்லிமீட்டருக்கு மேல, கிளாம்ப் அவ்வளவு விரியாது. திருகி இறுக்கற ட்ரைபாட் கிளாம்ப்ல மடிச்ச வாக்குல வைங்க, பாதி திறந்து மேசை மேல நிக்க வச்சாலும் நல்லா நிக்கும். கிம்பல்தான் வேணும்னா தாடை எவ்வளவு தடிப்பு வரைக்கும் திறக்கும்னு கடையில கேட்டு, போன கையோட கொண்டு போயி மாட்டிப் பாத்துட்டு காசு குடுங்க.